சென்னையில் ஏறி லண்டன், நியூவார்க்கில் ஏறி வீடு: இரண்டு நாட்டுப் பிள்ளைகளை ஒரே பயணத்தில் பார்க்க டிக்கெட் போடுவது எப்படி?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இன்று பல வீடுகளின் நிலவரம் இதுதான். மகள் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். மகன் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறான். பெற்றோருக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு முறை தனித்தனியாகப் பறக்க உடம்பும் இடம் தராது, பணமும் இடம் தராது. அதனால் ஒரே பயணத்தில் இருவரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்கிறார்கள். மகளோடு இரண்டு மாதம், மகனோடு நாலரை மாதம் என்று திட்டம்.

டிக்கெட் போடும்போது முதலில் தோன்றும் வழி ஒன்று உண்டு. மகள் சென்னை–லண்டன் போகவர டிக்கெட் எடுத்துக் கொடுப்பாள். மகன், எடிசனுக்குப் பக்கத்து விமான நிலையமான நியூவார்க்குக்கு லண்டனிலிருந்து போகவர டிக்கெட் எடுத்துக் கொடுப்பான். செலவும் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்துவிடும். கேட்க நியாயமாக இருக்கும் இந்த ஏற்பாடுதான், டிக்கெட் போட உள்ள மூன்று வழிகளிலும் மிக மோசமானது. ஏன் என்று பார்க்க, விமானக் கட்டணம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போகவரக் கட்டணத்தை விமான நிறுவனம் இரண்டு பாதிகளாகத்தான் வைத்திருக்கிறது. போகும் பாதி ஒன்று, வரும் பாதி ஒன்று. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் பாதியையும், நியூவார்க்கிலிருந்து சென்னைக்கு வரும் பாதியையும் ஒன்றாகச் சேர்க்க அந்தக் கட்டணத்தின் விதி அனுமதித்தால், அதுதான் ஓப்பன் ஜா டிக்கெட். லண்டனில் இறங்குவீர்கள், நியூவார்க்கில் ஏறுவீர்கள். நடுவில் லண்டனிலிருந்து நியூவார்க் போவது அந்த டிக்கெட்டில் இருக்காது, அது உங்கள் பொறுப்பு. ஏஜென்ட் அச்சடித்துத் தரும் பயணத் தாளில் அந்த இடைவெளி இருக்கும் வரியில் `ARNK` என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏதோ தவறு என்று பதற வேண்டாம்.

இதைத் தெரியாதவர்கள் ஒருவழி டிக்கெட் இரண்டு எடுத்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களில் நெடுந்தூர ஒருவழிக் கட்டணம் போகவரக் கட்டணத்தின் பாதியாக இருப்பதில்லை, பெரும்பாலும் அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். பயண இணையதளங்களில் `Multi-city` என்ற பகுதியில் இரண்டு வரிகளையும் சேர்த்து ஒரே தேடலாகப் போட்டால்தான் இரண்டு பாதிகளைச் சேர்த்த விலை வரும். முதல் வரியில் `MAA` – `LHR`, இரண்டாவது வரியில் `EWR` – `MAA`. கூகுள் ஃபிளைட்ஸிலும் இந்தப் பகுதி இருக்கிறது. மல்டி சிட்டி என்பது தனிவகைக் கட்டணம் அல்ல, தேடும் படிவம் மட்டுமே. அதில் இரண்டு வரி போட்டால் ஓப்பன் ஜா வரும். நடுவில் லண்டன்–நியூவார்க்கையும் சேர்த்து மூன்று வரி போட்டால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் வரக்கூடும்.

இப்போது மூன்று வழிகளையும் எண்களோடு பார்ப்போம். கீழே வரும் கட்டணங்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும். எல்லாமே ஒருவருக்கான, வரி சேராத அடிப்படைக் கட்டணம்.

சென்னை–லண்டன் போகவர 50,000 ரூபாய், சென்னை–நியூவார்க் போகவர 80,000 ரூபாய், லண்டன்–நியூவார்க் போகவர 40,000, அதே தடத்தில் மலிவான ஒருவழி 25,000 என்று வைப்போம். முதல் வழி, அதாவது இரண்டு போகவர டிக்கெட், 90,000 ஆகிறது. இரண்டாவது வழி ஓப்பன் ஜா. லண்டன் கட்டணத்தின் பாதி 25,000, நியூவார்க் கட்டணத்தின் பாதி 40,000, நடுவில் தனி டிக்கெட் 25,000, ஆக அதுவும் 90,000. மூன்றாவது வழி, சென்னை–நியூவார்க் டிக்கெட்டையே லண்டன் வழியாக எடுத்து, லண்டனில் இரண்டு மாதம் தங்கிவிட்டுப் போவது. இதற்கு ஸ்டாப்ஓவர் என்று பெயர். ஓர் ஊரில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அது ஸ்டாப்ஓவர், அதற்குள் அடுத்த விமானம் பிடித்தால் வெறும் விமான மாற்றம். ஸ்டாப்ஓவருக்கு 8,000 கேட்கிறார்கள் என்றால் மொத்தம் 88,000.

அடிப்படைக் கட்டணத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு வருவது வரியிலும், விசாவிலும், வழியில் ஏதாவது தடம் மாறினால் என்ன ஆகும் என்பதிலும்.

வரியை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் விமானம் ஏறும் ஒவ்வொரு முறையும் பயணிகள் வரி ஒன்று வசூலிக்கிறார்கள். லண்டனிலிருந்து அமெரிக்காவும் இந்தியாவும் ஒரே தூரப் பிரிவில் வருகின்றன. அந்தப் பிரிவில் சாதாரண வகுப்புக்கு 2026 ஏப்ரல் முதல் 102 பவுண்டு. ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறுகிறவர்களுக்கு இது கிடையாது. முதல் வழியில் பெற்றோர் லண்டனில் இரண்டு முறை ஏறுகிறார்கள், நியூவார்க்குக்கு ஒரு முறை, சென்னைக்கு ஒரு முறை. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டு முறையும் வரி விழும். ஓப்பன் ஜாவில் லண்டனில் ஏறுவது ஒரே முறை. மூன்றாவது வழியில் திரும்பும்போது லண்டன் வழியாகவே வந்தாலும், அது ஒரே டிக்கெட்டில் சில மணி நேர விமான மாற்றம் என்பதால் வரி ஒரு முறைதான். அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து 204 பவுண்டு வேறுபாடு. ரூபாயில் இருபதாயிரத்துக்கு மேல். இந்த வரி டிக்கெட் விலைக்குள் கரைந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

விசா விஷயம் இதைவிடப் பெரியது. பிரிட்டனுக்குப் பொதுவாகக் கிடைக்கும் பார்வையாளர் விசா ஆறு மாதத்துக்குச் செல்லும். நம் பெற்றோர் ஜனவரி முதல் தேதி தொடங்கும் விசாவோடு லண்டன் போகிறார்கள், மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கா போகிறார்கள், ஜூலை நடுவில் திரும்புகிறார்கள். அப்போது பிரிட்டன் விசா முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஆனால் முதல் வழியில் அவர்கள் லண்டனில் இறங்கியே ஆக வேண்டும். தனித்தனி டிக்கெட் என்பதால் நியூவார்க்கில் போட்ட பெட்டி பெரும்பாலும் லண்டனோடு நின்றுவிடும். குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அமெரிக்க விசா உள்ளவர்களுக்கு விமானம் மாறும் அளவுக்குச் சில சலுகைகள் உண்டு என்றாலும், வெளியே வந்து மாறுவதற்கு அனுமதி தருவது அங்கே நிற்கும் அதிகாரியின் முடிவு. அதற்கு முன்பே, நியூவார்க் கவுண்டரிலேயே விமான நிறுவனம் ஏற்ற மறுத்துவிடலாம். நியூவார்க் விமானம் தாமதமாகி சென்னை விமானம் போய்விட்டால், அடுத்த விமானத்தில் இடம் தரும் கடமையும் யாருக்கும் இல்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் இவர்கள் தனித்தனிப் பயணிகள்.

முதல் வழியை இத்தோடு விட்டுவிடலாம். மற்ற இரண்டில் எது என்பது, தேதி எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்தது.

ஒரே டிக்கெட் என்பது சங்கிலி. அதில் உள்ள விமானங்களை எழுதிய வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும். ஒரு கண்ணியில் வராமல் போனால், அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் நிறுவனம் ரத்து செய்துவிடும். லண்டனில் மகளுக்குப் பிரசவம் பத்து நாள் தள்ளிப்போகிறது, "அம்மா, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போ" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வழியில் லண்டன்–நியூவார்க் தேதியை, அந்த விமானம் புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லி மாற்ற வேண்டும். மாற்றுக் கட்டணமும், அன்றைய விலையில் உள்ள வித்தியாசமும் கேட்பார்கள். பேசாமல் விட்டுவிட்டு வேறு டிக்கெட்டில் நியூவார்க் போய்விட்டால், சென்னைக்குத் திரும்பும் டிக்கெட் செத்துவிட்டது என்று பொருள். இது தெரியவருவது பல மாதம் கழித்து, ஊர் திரும்ப விமான நிலையத்தில் நிற்கும்போதுதான்.

ஓப்பன் ஜாவில் இந்தச் சங்கிலியில் இரண்டு கண்ணிதான், லண்டன் போவது, நியூவார்க்கிலிருந்து வருவது. நடு டிக்கெட் தனி என்பதால் அதைத் தள்ளிப்போட்டாலும், விட்டுவிட்டு வேறு எடுத்தாலும், ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் பிரசவம், அறுவை சிகிச்சை, பேரன் பள்ளி விடுமுறை என்று தேதி நகரக்கூடிய காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு நான் ஓப்பன் ஜாவையே சொல்வேன். தேதி உறுதி, முதல் வெளிநாட்டுப் பயணம், ஆங்கிலம் பேசத் தயக்கம், பெட்டி அதிகம் என்றால் மூன்றாவது வழி. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடியாகப் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் போல, லண்டனையே வீடாகக் கொண்ட நிறுவனத்தில்தான் அது இயல்பாக அமையும். வளைகுடா நிறுவனங்களில் போனால் துபாயிலோ தோஹாவிலோ மாறி லண்டன் போவீர்கள். அவர்களிடம் ஓப்பன் ஜாதான் சுலபம். மகளோ மகனோ துபாயிலேயே இருந்தால் கதை வேறு. அப்போது துபாய் நிறுவனத்தின் அமெரிக்க டிக்கெட்டில் துபாயை ஸ்டாப்ஓவராக வைத்துக் கேட்பதே சரி. வழியிலேயே இருக்கும் உறவினர், வழியை விட்டு விலகி இருக்கும் உறவினர் என்ற இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே எந்த வகை டிக்கெட் என்பது பாதி முடிவாகிவிடும்.

ஓப்பன் ஜாவில் இடைவெளிக்கும் ஓர் அளவு உண்டு. பல கட்டண விதிகளில், நடுவில் விட்ட தூரம் பறக்கும் இரண்டு பகுதிகளில் நீளமானதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. சென்னை–லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், சென்னை–நியூவார்க் பகுதி சுமார் 13,500, நடுவில் விட்ட லண்டன்–நியூவார்க் சுமார் 5,600. ஒரு சிக்கலும் இல்லை. மகன் அமெரிக்காவுக்குப் பதில் சிட்னியில் இருந்தால்? சென்னை–சிட்னி சுமார் 9,100, லண்டன்–சிட்னி சுமார் 17,000. விட்ட தூரம் பறந்ததைவிட நீளம். அப்போது அமைப்பு இரண்டு ஒருவழிக் கட்டணமாக விலை போடும், தொகை எகிறும். ஒருவர் மேற்கிலும் ஒருவர் கிழக்கிலும் இருந்தால் சென்னையிலிருந்து இரண்டு போகவர டிக்கெட் எடுத்து, நடுவில் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இளைப்பாறிவிட்டுப் போவதே மேல். பெரும்பாலும் செலவும் குறையும்.

எந்த நாடு முதலில் என்பதும் டிக்கெட்டுக்குள் வரும் விஷயம். அமெரிக்கப் பார்வையாளர் விசா இந்தியர்களுக்கு வழக்கமாகப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. பிரிட்டன் விசா ஆறு மாதம். அதற்கு விண்ணப்பிக்கவும் பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பு முடியாது. அதனால் காலம் குறுகிய விசா உள்ள நாடு முதலில் வர வேண்டும். அமெரிக்காவை முதலில் வைத்து அங்கே நாலரை மாதம் இருந்தால், பிரிட்டன் விசாவின் பெரும்பகுதி பயன்படாமல் ஓடிவிடும். அமெரிக்காவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பாஸ்போர்ட்டில் உள்ள விசா தேதி முடிவு செய்வதில்லை. இறங்கும்போது அதிகாரி பதியும் தேதிதான் கணக்கு. பார்வையாளர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் தருகிறார்கள். இறங்கிய மறுநாள் i94.cbp.dhs.gov தளத்தில் அந்தத் தேதியைப் பார்த்து, திரும்பும் டிக்கெட் அதற்கு முன்பு இருக்கிறதா என்று மகன் சரிபார்த்துவிட வேண்டும்.

கட்டணத்துக்கும் காலவரம்பு இருக்கிறது. ஏஜென்டிடம் விலை கேட்கும்போது, அதிகபட்சம் எத்தனை மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். மலிவான சில கட்டணங்களுக்கு மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் என்று வரம்பு இருக்கும். நம் பெற்றோரின் பயணம் மொத்தம் ஆறரை மாதம். ஆறு மாத வரம்புள்ள கட்டணத்தில் இந்தப் பயணத்தைப் போடவே முடியாது.

பெட்டி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகும் டிக்கெட்டில் பல நிறுவனங்கள் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி தருகின்றன. லண்டன்–நியூவார்க் தனி டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான் இருக்கும். சென்னையில் நான்கு பெட்டி போட்டுக்கொண்டு வந்த தம்பதி லண்டனில் நான்கு பெட்டிக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். நடு டிக்கெட்டின் விலையைப் பெட்டிக் கட்டணத்தோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே `2PC`, `1PC`, `30K`, `0PC` என்று போட்டிருக்கும். `2PC` என்றால் இரண்டு பெட்டி, `30K` என்றால் மொத்தம் முப்பது கிலோ, `0PC` என்றால் ஒன்றும் இல்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் ஸ்டாப்ஓவர் வரும் இடத்தில் இந்த அளவு மாறலாம், எல்லா வரியையும் படியுங்கள். மகனுக்கான இட்லிப் பொடியும் ஊறுகாயும் இரண்டு மாதம் மகள் வீட்டில் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், மகளுக்கானதை அங்கேயே இறக்கிவிட்டு நியூவார்க்குக்கு ஆளுக்கு ஒரு பெட்டியோடு போவது நடைமுறையில் முடிகிற காரியம்தான்.

நடு டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னையில் கிளம்பிவிடவும் கூடாது. லண்டனில் இறங்குகிறவரிடம் பிரிட்டனை விட்டு எப்போது, எப்படிப் போவீர்கள் என்று கேட்பார்கள். ஓப்பன் ஜா டிக்கெட்டில் லண்டனிலிருந்து வெளியேறும் விமானமே கிடையாது. தேதி மாற்றக்கூடிய ஒரு நடு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போவது தேவையற்ற கேள்விகளைத் தவிர்க்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. வேலூர் இரண்டு பெரிய விமான நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஓப்பன் ஜா வெளிநாட்டுப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டுப் பக்கமும் வைக்கலாம். சென்னையில் ஏறி லண்டன், நியூவார்க்கில் ஏறி பெங்களூரு என்று இரண்டு பக்கமும் திறந்த டிக்கெட்டைப் பல கட்டணங்கள் அனுமதிக்கின்றன. தேடும்போது இரண்டாவது வரியில் `MAA`-வுக்குப் பதில் `BLR` போட்டுப் பாருங்கள். வேலூர் நகரத்தில் இருப்பவர்களுக்குச் சென்னைதான் பக்கம். வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக நேரே போய்விடலாம். பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால் கூடுதல் நேரமாகும். ஆனால் வாணியம்பாடி, திருப்பத்தூர் போன்ற பழைய வடாற்காட்டின் மேற்கு ஊர்களுக்குப் பெங்களூரு தூரம் அதிகமில்லை. திரும்பி வரும்போது சென்னைக்குப் போனால் நடுவழியில் எட்டு மணி நேரம் காத்திருப்பு, பெங்களூருக்குப் போனால் இரண்டரை மணி நேரம் என்று வரும் நாட்களில், வயதானவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய ஆறுதல். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டிக்கெட் பெங்களூரு என்றால் பெட்டியும் பெங்களூருக்குத்தான் வரும். வண்டியை அங்கே அனுப்பச் சொல்ல மறக்கக் கூடாது.

பயணக் காப்பீட்டில், உலகம் முழுவதும் என்று எழுதியிருந்தாலும் அமெரிக்கா, கனடா நீங்கலாக என்று சில பாலிசிகள் விற்கப்படுகின்றன. பல பாலிசிகள் ஒரே பயணத்துக்கு 180 நாளோடு நிற்கின்றன. ஆறரை மாதப் பயணத்துக்கு நீட்டிக்க முடியுமா என்று கிளம்பும் முன்பே கேட்க வேண்டும்.

கடைசியாக, கையில் உள்ளது ஒரே டிக்கெட்டா, பல டிக்கெட்டைச் சேர்த்துத் தந்ததா என்று கண்டுபிடிக்கும் வழி. ஆறு எழுத்து-எண் கொண்ட பிஎன்ஆரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே பிஎன்ஆருக்குள் இரண்டு டிக்கெட் இருக்க முடியும். பார்க்க வேண்டியது 13 இலக்க டிக்கெட் எண். ஒருவரின் எல்லா விமானங்களுக்கும் எதிரே அதே எண் இருந்தால் ஒரே டிக்கெட். சென்னை–லண்டனுக்கு ஓர் எண்ணும் லண்டன்–நியூவார்க்குக்கு வேறோர் எண்ணும் இருந்தால், விற்றவர் மல்டி சிட்டி என்று சொல்லியிருந்தாலும் அவை தனித்தனி டிக்கெட்டுகள். மலிவு விலை காட்டும் சில இணையதளங்கள் இப்படித்தான் ஒட்டித் தருகின்றன. `Self transfer` என்ற சொல் எங்காவது கண்ணில் பட்டால் அதே பொருள்தான். வீல்சேர் உதவியும் அப்படியே. ஒரு டிக்கெட்டில் கேட்டது இன்னொரு டிக்கெட்டுக்குப் போகாது, நடு டிக்கெட்டின் நிறுவனத்திடமும் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தனியாகச் சொல்லிப் பதிய வேண்டும்.